53 கவிதையில் எதை விடுவது, மீதியை எப்படி அடுக்குவது?

வைகைக்கரை:
முதல் தொகுப்பு. 53 கவிதை இருக்கிறது. நாலு கவிதை இரண்டு பக்கம் போகும், மற்றதெல்லாம் ஒரு பக்கம்தான். பதிப்பாளர் நாலு ஃபாரம், 64 பக்கம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். முன்பக்கங்கள் 8 போக மிச்சம் 56, எனக்கு வேண்டியது 57. எந்த ஒன்றை எடுப்பது? வரிசையை எப்படி முடிவு செய்வது? அம்மா இறந்ததைப் பற்றி மட்டும் 11 கவிதை வருகிறது.

கடைசிபெஞ்ச்:
ரொம்ப யோசிக்காதீங்க. நல்லது அஞ்சு முதலில், நல்லது அஞ்சு கடைசியில், சுமாரானதெல்லாம் நடுவில். யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்த ஒரு பக்கத்துக்கு முன்னுரையைக் குறைத்தால் போதும், கவிதையில் ஏன் கை வைக்கணும்?

நாட்குறிப்பு:
எழுதிய தேதி வரிசையில் போடுவதுதான் நேர்மை. நீங்கள் எப்படி மாறி வந்தீர்கள் என்று வாசகனுக்குத் தெரிய வேண்டாமா? அப்புறம் இந்த 'அடுக்குவது' எல்லாம் இப்போது வந்த பழக்கம். அகநானூற்றில் பாதிக்குப் பாதி பாலைப் பாட்டு, கிடைத்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள், அதனால் அது குறைந்தா போயிற்று?

மெய்ப்புக்காரி:
அகநானூற்றைத் தப்பான பக்கத்துக்குச் சாட்சி கூப்பிடுகிறீர்கள். 1, 3, 5 என்று ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. 2, 8 என்று முடிவது குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10, 20 எல்லாம் நெய்தல். 400 பாட்டில் 200 பாலை என்று ஆனபிறகு, பிரிவும் வெயிலுமாகவே போனால் படிக்கிறவன் சோர்ந்துவிடுவான், அதனால் ஒவ்வொரு பாலைக்கும் பிறகு வேறொரு நிலம் வருகிற மாதிரி வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இதைவிடத் திட்டமான வரிசை எங்கே இருக்கிறது? தம்பி வைகைக்கரை, உங்கள் பாலை அந்த 11 அம்மா கவிதைகள்.

தேதி வரிசை, ஒருவருடைய மொத்தக் கவிதைகளையும் பிற்பாடு திரட்டும்போது சரி. முதல் புத்தகம் போடுகிறவருடைய வளர்ச்சியை யாரும் இன்னும் தேட ஆரம்பிக்கவில்லை.

நடுவில் ஒளிப்பது நடக்காது. புத்தகக் காட்சியில் கவனியுங்கள், கவிதைப் புத்தகத்தை எடுக்கிறவர் நடுவில்தான் விரிப்பார், இருப்பதிலேயே குட்டியான கவிதையைப் படிப்பார், வைத்துவிட்டுப் போவார். முதல் கவிதை பற்றிச் சொன்னது சரிதான், அது புத்தகத்தின் குரல் என்னவென்று சொல்லிவிட வேண்டும். ஆனால் இருப்பதிலேயே கனமானதை அங்கே வைத்தால் இரண்டாவது கவிதை பாவம்.

கரிசல்:
என் கதையைக் கேளுங்க. என் பதிப்பாளர் என்னைக் கேட்காமலே தலைப்பின் அகர வரிசையில் போட்டுவிட்டார். 'அப்பா', 'அப்பாவின் சைக்கிள்', 'அப்பாவுக்கு' என்று மூன்றும் அடுத்தடுத்து வந்து நிற்கிறது. மூன்றும் சுமாரானவை இல்லை, ஆனால் சேர்ந்து நின்றதில் மூன்றுமே ஒன்றாகிவிட்டன. இதற்கு ஏதாவது ஒப்பந்தத்தில் போட முடியுமா?

மெய்ப்புக்காரி:
வரிசையை இறுதி செய்வது ஆசிரியர் என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அது தனி விஷயம். நீங்கள் சொன்னதில்தான் பதில் இருக்கிறது. எது பலவீனமான கவிதை என்பது பக்கத்தில் எது நிற்கிறது என்பதைப் பொறுத்து மாறும், அதனால் முதலில் எடுத்துவிட்டு அப்புறம் அடுக்குவது என்று இல்லாமல் இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தாளுக்கு ஒரு கவிதை என்று அச்செடுத்து, தரையில் பரப்பி, கடைசி வரிகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வாய்விட்டுப் படியுங்கள். ஒரே மாதிரி முடிகிறவை அரை மணி நேரத்தில் பிடிபடும். முடிந்தால் சந்தேகமான இரண்டை இங்கே போடுங்கள்.

வைகைக்கரை:
படித்துப் பார்த்தேன், கொஞ்சம் அதிர்ச்சிதான். இரண்டையும் போடுகிறேன்.

*அலமாரி மேல்*
*மடித்து வைத்த மூக்குக்கண்ணாடி*
*இன்னும் பஞ்சாங்கத்தைப் பார்த்தபடி*
*பார்க்க ஆளில்லாத வீட்டில்*
*பார்வை மட்டும் மிச்சம்*

*தலைமாட்டில் செம்பு*
*நேற்று ஊற்றிய தண்ணீர்*
*விளிம்பைச் சுற்றி வருகிறது*
*ஓர் எறும்பு*
*குடிக்க ஆளில்லாத வீட்டில்*
*தாகம் மட்டும் மிச்சம்*

மெய்ப்புக்காரி:
இரண்டிலும் கடைசி இரண்டு வரியை விரலால் மூடிக்கொண்டு படியுங்கள். செம்புக் கவிதை எறும்போடு நின்றுவிடும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். கண்ணாடி பஞ்சாங்கத்தைப் பார்க்கிறது என்பதே ஒரு கற்பனை அலங்காரம், அந்த இரண்டு வரி போனால் அது நிற்பதற்கு ஆதாரம் இல்லை. நான் கண்ணாடியை எடுப்பேன். மீதி ஒன்பதையும் இதேபோல மூடிப் பாருங்கள். கடைசி வரி விளக்கம் சொல்கிறதென்றால் வரியை வெட்டுங்கள். வெட்டியதும் கவிதையே சாய்ந்தால் அந்தக் கவிதை வேண்டாம்.

கடைசிபெஞ்ச்:
இதில் ஒத்துக்க மாட்டேன் அக்கா. செம்பும் எறும்பும் எந்த வீட்டிலும் இருக்கும். பஞ்சாங்கம் பார்க்கிற அம்மா ஒரு ஆள். எனக்கு அந்தக் கவிதையில்தான் அந்தம்மா முகம் தெரிகிறது. அது போனால் மற்ற பத்திலும் வெறும் துக்கம்தான் இருக்கும்.

நாட்குறிப்பு:
நானும் கடைசிபெஞ்ச் பக்கம். அப்புறம், ஒரே பொருளைப் பிரித்துத்தான் வைக்கணும் என்பதற்கு ஐங்குறுநூறு எதிர் உதாரணம். திணைக்கு நூறு, நூறுக்குள் பத்துப் பத்து. வேட்கைப் பத்து முழுக்க 'வாழி ஆதன் வாழி அவினி' என்றே தொடங்குகிறது. 11 அம்மா கவிதையையும் ஒரே பகுதியாக வைத்தால் என்ன?

மெய்ப்புக்காரி:
நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே திரும்ப வருவது வேண்டுமென்றே வருகிறது, முதல் பாட்டிலேயே தெரிந்துவிடும். 'மட்டும் மிச்சம்' தெரியாமல் திரும்ப வந்தது. தொகுத்து வைப்பதென்றால் ஐந்தாறுக்கு மேல் தாங்காது, அதிலும் ஒவ்வொன்றும் வேறு நேரத்தில் நடக்க வேண்டும். ஆஸ்பத்திரி, வீடு, பத்தாம் நாள், ஒரு வருஷம் கழித்து என்று. பஞ்சாங்கம் பற்றிச் சொன்னதை யோசிக்கிறேன். அந்தக் கண்ணாடியை அம்மா போட்டிருந்தபோது எழுதிய கவிதை ஏதாவது இருக்கிறதா தம்பி? இருந்தால் அது வரட்டும்.

இன்னொன்று, வரிசை முடிவானதும் பக்க எண் போட்டுப் பாருங்கள். முதல் கவிதை 9ஆம் பக்கம், அது வலப்பக்கம். இரண்டு பக்கக் கவிதை எப்போதும் இரட்டை எண்ணில், இடப்பக்கத்தில் தொடங்க வேண்டும், அப்போதுதான் விரித்ததும் முழுசாகக் கண்ணில் படும். 13இல் தொடங்கினால் பத்தி முடிகிற இடத்தில் பக்கமும் முடியும், வாசகர் கவிதை அங்கேயே தீர்ந்தது என்று நினைப்பார், திருப்பினால் தலையில்லாத எட்டு வரி நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே சில கவிதைகள் இடம் மாறும். பகுதிகளுக்கு நடுவே வெற்றுப் பக்கமும் வேண்டும். ஆக ஒன்றை எடுத்தால் போதாது, பத்துப் பன்னிரண்டாவது போக வேண்டியிருக்கும்.

வைகைக்கரை:
பன்னிரண்டா? அதில் மூன்று சிற்றிதழில் வந்தவை. அவற்றை எப்படி விடுவது?

மெய்ப்புக்காரி:
இதழில் அது தனியாக நின்றது. இங்கே 40 பேரோடு நிற்க வேண்டும். அதற்கும் விரல் சோதனைதான்.

கரிசல்:
ஒப்பந்தம் பற்றிக் கேட்டேனே, யாராவது மாதிரி வாசகம் தருவீர்களா?

வைகைக்கரை:
அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு எமகண்டம் பார்க்கிற ஒரு கவிதை இருக்கிறது, நல்லா இல்லை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். நாளைக்குப் போடுகிறேன். பன்னிரண்டு என்பதை மட்டும் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை, ஏழு வரை வருகிறேன்.