புதுப்பிப்பு: பீன்யா சார்ஜர் வேலைக்கு எந்த முறை?

"பெங்களூரில் மின்ஸ்கூட்டர் சார்ஜர் செய்கிறோம். பெட்டி, சர்க்யூட் போர்டு, மொபைல் செயலி மூன்றும் உண்டு. முழுத் திட்டம் முதலிலேயே போடவா, அஜைலா, ஹைப்ரிடா?" (3 மாதம் முன்பு நான் கேட்டது)

ஹைப்ரிட்தான். "ஒவ்வொரு பாகத்துக்கும் தனியாக, பிறகு மாற்றினால் என்ன செலவு என்று கேளுங்கள்" என்று ஓசூர் அண்ணா அப்போது பதிலில் சொன்னது வழி காட்டியது. பெட்டியின் அச்சு தயாராக 8 வாரம். எஃகை வெட்டிய பிறகு ஒரு துளையை நகர்த்தினாலும் பெரிய செலவு. அதனால் பெட்டிக்கும் போர்டுக்கும் முன்திட்டம், வடிவம் பூட்டும் தேதி. செயலியில் மக்களுக்கு என்ன தேவை என்பதே தெரியாது, அதற்கு அஜைல்: 2 வாரத்துக்கு ஒருமுறை சிறு பகுதியைச் செய்து பார்த்துத் திருத்தும் ஸ்பிரின்ட்.

"வன்பொருளும் அஜைலில் முடியும்" என்று தம்பி சொன்னது பாதி சரி. முப்பரிமாணப் பிரிண்டில் 3 மாதிரி செய்தோம்; மதிய வெயிலில் பெட்டியின் விளக்கு தெரியவில்லை என்று அப்போதே தெரிந்தது. அச்சு வெட்டிய பின் அந்த வசதி இல்லை.

ஸ்பிரின்ட் 3 வாரமாக இருக்கட்டும் என்ற அக்காவுக்கு: உங்கள் குழுவுக்கு அது பொருந்தியிருக்கலாம், எங்கள் சிக்கல் நீளத்தில் இல்லை.

அடி விழுந்தது போர்டும் செயலியும் சேரும் இடத்தில். 4-வது ஸ்பிரின்டில் செயலிக் குழு மின்னோட்ட அளவைக் கேட்டது. போர்டில் அதற்கான சென்சாரே இல்லை. நல்லவேளை, பூட்டும் தேதிக்கு 9 நாள் இருந்தது. இப்போது போர்டைத் தொடும் கோரிக்கை எதுவானாலும் அந்தத் தேதிக்கு முன்பே வரவேண்டும்.

போர்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு எந்த முறை என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இணையம் வழியாக மாற்றலாம், ஆனால் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பகுதியைத் தொட்டால் பாதுகாப்புச் சோதனை மறுபடி. அதை முன்திட்டத்தில் வைக்கவே எனக்கு விருப்பம். குழுவில் பாதிப்பேர் ஒப்பவில்லை.