புதன்–செவ்வாய் ஸ்கொயர், 90 பாகைக்கு ஒரு பாகைதான் வித்தியாசம்: உங்கள் அனுபவம்?

செவ்வந்தி
மேற்கத்திய முறையில் கணித்த ஜாதகம். புதன் மிதுனம் 12 பாகை, செவ்வாய் கன்னி 13. போன மாதம் நான் சரிபார்த்த அறிக்கையைப் பக்கத்து மேஜைக்காரர் கேட்காமல் திருத்திவிட்டார். பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரியிலேயே பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாதகம் பார்த்த அக்கா முன்பே சொன்னார்: "நீ யோசித்து முடிப்பதற்குள் கோபம் பேசிவிடும். அடக்காதே, அதற்கு ஒரு வேலை கொடு." இப்போது தோன்றுவதை எல்லாம் நோட்டில் கொட்டிவிட்டு மறுநாள் காலை படிக்கிறேன். பாதிக்கு மேல் வெறும் வசை. மீதியில் அறிக்கையின் நிஜமான தவறுகள் இருக்கும். அவற்றை மட்டும் அனுப்புகிறேன். நேரில் பேசும்போது இது இன்னும் கைவரவில்லை.

குமரன்
எனக்கும் சூரியன்–சுக்கிரன் ஸ்கொயர். கல்யாணம் தள்ளிப்போவது அதனால்தானே? பரிகாரம் உண்டா?

விசாலம்
தம்பி, சுக்கிரன் சூரியனை விட்டு 48 பாகைக்கு மேல் விலகாது. 90 எப்படி வரும்? 45 பாகையைப் பார்த்திருப்பீர்கள். சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், செவ்வாய் இவற்றுக்குள் ஸ்கொயர் என்றால் ஒரு பக்கம் சந்திரனோ செவ்வாயோ இருந்தே ஆகவேண்டும்.

நெல்லை மாமா
அயனாம்சத்தைக் கழித்தால் இந்த 90, 180 எல்லாம் மாறிவிடும். நம் முறையில் சந்திரனும் செவ்வாயும் நேருக்கு நேர் நின்றால் சந்திர மங்கள யோகம். எனக்கு இருக்கிறது. அதில் ஏது போராட்டம்?

விசாலம்
மாமா, இரண்டு கிரகத்திலும் ஒரே அளவைத்தானே கழிக்கிறோம்? ராசி மாறலாம், நடுவில் உள்ள தூரம் மாறாது. யோகம் என்பதை நான் மறுக்கவில்லை. எனக்கும் அதே சந்திரன்–செவ்வாய் எதிரெதிர், 2 பாகைக்குள். வீட்டில் கத்துவது அவர், அழுவது நான் என்றே 20 வருடம் நம்பியிருந்தேன். அவர் ஊருக்குப் போயிருந்த வாரம், தண்ணீர் கேன் போடும் பையன் வாசலில் திகைத்து நின்றான். கத்தியது நான். எதிரில் நிற்பவரிடம் ஏற்றிவிட்ட செவ்வாய் என்னுடையதுதான் என்று அன்று புரிந்தது. அப்புறம்தான் எனக்கு வேண்டியதை அழாமல் நேராகக் கேட்கப் பழகினேன்.

செவ்வந்தி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நோட்டோடு நிறுத்தாதீர்கள். தவறு கண்டுபிடிப்பதே சம்பளமாக வரும் வேலைக்கு மாறப் பாருங்கள். தணிக்கை, மெய்ப்புத் திருத்தம் மாதிரி. ஸ்கொயர் ஓய்வெடுக்காது. வேலை இல்லாத நாளில் வீட்டு மனிதர்களைத்தான் திருத்தும். ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கிறீர்கள் என்று கவனியுங்கள்.

செவ்வந்தி
ஞாயிற்றுக்கிழமைதான் அம்மாவோடு சண்டை வரும். வேலையை மாற்றுவது இப்போது முடியாது அக்கா.

மீனா
எனக்குச் சந்திரன்–சுக்கிரன் ஸ்கொயர். பிறந்த நேரம் கேட்டால் "விடியற்காலை" என்றுதான் அம்மா சொல்கிறார். மூன்றா, ஆறா? சந்திரன் மணிக்கு அரை பாகை நகரும். மூன்று என்றால் கச்சிதமான 90, ஆறு என்றால் ஒன்றரை பாகை தள்ளிப்போகிறது. இதை நேரமே தெரியாமல் எப்படிப் படிப்பது?