மெர்ச்சன்டைசர் வேலை விவரத்தைப் பிரிப்பதில் ஒரு சிக்கல்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்க்கிறேன். மெர்ச்சன்டைசர் ஆள் எடுக்க முதலாளி ஒரு பக்கத்துக்கு ஒரே பத்தியாக எழுதிக் கொடுத்திருக்கிறார், அதைப் பொறுப்புகள், கட்டாயத் திறன்கள், இருந்தால் நல்லது, சலுகைகள் என்று பிரித்து வெள்ளிக்குள் போட வேண்டும்.

பையரோடு மெயில், சாம்பிள் அப்ரூவல், டையிங் யூனிட்டில் ஃபாலோ அப் எல்லாம் வினைச்சொல்லோடு வந்ததால் பொறுப்புகளில் போட்டுவிட்டேன். திறன்களுக்கு, 'இது இல்லாதவரைத் திருப்பி அனுப்புவோமா?' என்று ஒவ்வொரு வரியையும் கேட்டுப் பார்த்தேன். எக்ஸெல், ஆங்கில மெயில், 3 வருட அனுபவம் கட்டாயம், ஸ்பானிஷ் இருந்தால் நல்லது. 'குடும்பம் மாதிரி பழகுவோம்' என்பதை எடுத்துவிட்டேன், அது எந்தப் பிரிவிலும் உட்காராது. சலுகைகளில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் எழுதியிருந்தார், ஆனால் சம்பளம் 28,000, இ.எஸ்.ஐ. வரம்பு 21,000 என்பதால் அதையும் நீக்கினேன்.

மாட்டிக்கொண்டது ஒரே வரியில்: 'காஸ்டிங் தனியாகப் போடத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் சொல்லிக்கொடுப்போம்.' கட்டாயத்தில் வைத்தால் நல்ல ஆட்கள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள், கீழே இறக்கினால் துணி எடை, நூல் விலை, வேஸ்டேஜ் எதுவும் கணக்குப் போடத் தெரியாதவர்கள் வந்து நிற்பார்கள். முதலாளியிடம் கேட்டால் "ரெண்டும்தாம்ப்பா" என்கிறார்.

இந்த வரியை நீங்கள் எந்தப் பிரிவில், எந்த வார்த்தைகளில் எழுதுவீர்கள்?