பூச்சோங் ரோட்டோர வெட்டுமலையில் நான் பார்த்த கோடு

செராஸ் மாறன்:
போன சனிக்கிழமை பூச்சோங் பக்கம் அக்கா வீட்டுக்குப் போனப்போ ரோட்டோர வெட்டுமலையைப் படம் எடுத்தேன். வெளிர் மணற்கல்லும் கறுத்த ஷேலுமா மாறி மாறி, எல்லா அடுக்கும் சாய்ஞ்சு கிடக்குது. உச்சியில அடுக்குகள் வில்லா வளையுது. நடுவுல ரெண்டு கோடு, மேலிருந்து கீழா வெட்டுது. “மேல மடிப்பு, நடுவுல ரெண்டு பிளவு”ன்னு மகனுக்குச் சொல்லிட்டேன். வீட்டுல பெருசாக்கிப் பார்த்தா சந்தேகம் வருது.

கிள்ளான் ராஜா:
சந்தேகமே வேணாம் லா. கோடு இருந்தா பிளவு, வளைஞ்சா மடிப்பு.

மலைவெட்டி:
தம்பி ராஜா சொல்றது பாதி சரி. கோட்டோட ரெண்டு பக்கமும் பாறை நகர்ந்திருந்தாத்தான் பிளவு. நகரலைன்னா வெறும் வெடிப்பு. மாறன், உங்க படத்துல அடையாளமா ஒரு கூட்டத்தைப் பிடிச்சுக்கிட்டேன்: தடிச்ச வெளிர் அடுக்கு ஒண்ணு, அதுக்கு மேலயும் கீழயும் மெல்லிய கறுப்பு. ஒரே அடுக்கை நம்பக்கூடாது, எல்லாம் ஒரே மாதிரி தெரியும். இடது கோட்டைத் தாண்டும்போது அந்தக் கூட்டம் தடங்கலில்லாம ஓடுது. அது வெடிப்பு. வலது கோட்டுக்கு அப்பால அதே கூட்டம் கீழ கிடக்குது, பக்கத்துல நிக்கிற ஆளோட இடுப்பு உயரம் இறங்கியிருக்கு. அது பிளவு. அந்தக் கோடு கீழே போகப் போக வலப்பக்கம் சாயுது. அப்போ வலப்பக்கப் பாறைதான் கோட்டுமேல படுத்திருக்கு, இறங்கினதும் அதுதான்.

பினாங்கு செல்வி:
எங்க பத்து ஃபிரிங்கி கடற்கரைப் பாறையும் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்கா உரியுது. அதுல எங்க மடிப்புன்னு தேடி அலுத்துட்டேன் அண்ணே.

மலைவெட்டி:
செல்விம்மா, அது கிரானைட். உருகின குழம்பு ஆழத்துல இறுகினது, படிஞ்சு வந்த அடுக்கே கிடையாது. மேல இருந்த பாரம் அரிச்சுப் போனதும் வெளிப்பரப்புக்கு இணையா வெடிக்கும். மேடு வளைஞ்சா அந்தத் தோலும் வளையும், அதை மடிப்புன்னு எண்ணிடாதீங்க.

செராஸ் மாறன்:
என் உச்சி வளைவு?

மலைவெட்டி:
ஒரு ஆள் உயரம் வரைக்கும்தான் வளையுது. அதுக்குக் கீழ அதே அடுக்கு நேரா போகுது. மேல போகப் போக உடைஞ்சு மண்ணோட கலக்குது, எல்லாம் சரிவு இறங்கற பக்கமே சாயுது. மேல்மண் மெல்ல வழியும்போது அடுக்கோட தலையை இழுத்துருச்சு. மடிப்பா இருந்தா ஆழத்துக்கும் தொடரும்.

கிள்ளான் ராஜா:
வலது பக்கம் இறங்குச்சுன்னு எப்படி அடிச்சுச் சொல்றீங்க? பாறை பக்கவாட்டுல நகர்ந்திருந்தாலும், சாய்ஞ்ச அடுக்கு படத்துல இறங்கின மாதிரிதானே தெரியும்?

மலைவெட்டி:
நல்லாப் பிடிச்சே. ஒரு படத்தை வச்சு அதைத் தீர்க்க முடியாது. பிளவு முகத்துல பாறை உரசின கீறல் இருக்கான்னு பார்க்கணும். கீறல் மேலிருந்து கீழா ஓடினா இறக்கம், கிடையா ஓடினா பக்கவாட்டு நகர்வு. மாறன், ரோட்டோரத்துலேர்ந்தே ஒரு குளோசப் கிடைக்குமா?

செராஸ் மாறன்:
இன்னிக்குப் போனேன் அண்ணே. கம்பிவலை அடிச்சு, வலது பாதியில சிமெண்ட் பீய்ச்சிட்டாங்க. இடது கோடு மட்டும்தான் மிச்சம்.