மாத்திரையை ஒரு நாளும் விடாதவருக்கு மருந்து எதிர்ப்புக் காசநோய் வந்தது எப்படி?

வெண்ணாற்றங்கரை:
நீடாமங்கலம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் என் அத்தானுக்குப் போன ஆண்டு நுரையீரல் காசநோய் என்று தெரியவந்தது. சிபிநாட் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இருப்பதாகவும், முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அதனிடம் எதிர்ப்பு இல்லை என்றும் அன்றைக்கே முடிவு வந்ததால், வழக்கமான ஆறு மாத மாத்திரைகளைத் தொடங்கினார்கள். அக்கா தினமும் தன் கண் முன்னாலேயே விழுங்க வைத்தாள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைப் பார்த்து முதலில் பயந்தவள், அது ரிஃபாம்பிசினின் நிறம் என்று செவிலியர் சொன்ன பிறகு அதையே அடையாளமாக வைத்துக்கொண்டாள். இரண்டு மாதத்தில் எடை கூடியது, காய்ச்சல் நின்றது. ஐந்தாம் மாதத்தில் இருமல் திரும்பியது. சளியில் கிருமி தெரிந்தது. மறுபடி எடுத்த சிபிநாட்டில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இருப்பதாக வந்தது. மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று உறவுக்காரர்கள் எல்லோரும் அவரைத்தான் குறை சொல்கிறார்கள். இதே போன்ற நிலையைக் கண்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

வலங்கைமான் விவசாயி:
வருத்தமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர், உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போனார்; திரும்பி வந்தபோது இதே நோய்தான். பாதியில் நிறுத்துபவர்களுக்கு மட்டுமே இது வரும். உடம்பு மருந்துக்குப் பழகிவிடுகிறது, அதன் பிறகு மருந்து வேலை செய்வதில்லை. உங்கள் அத்தானும் ஆலையில் இரவு வேலையின்போது விட்டிருக்கக்கூடும்.

சளிக்குப்பி:
தஞ்சாவூர்ப் பக்கம் காசநோய் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அய்யா சொன்னதில் பாதி சரி. நிறுத்தி நிறுத்திச் சாப்பிடுவது ஆபத்துதான். ஆனால் மருந்துக்குப் பழகுவது உடம்பு அன்று, கிருமி. அதுவும் பழகிக்கொள்வதில்லை, பெருகும்போது தற்செயலாக ஏற்படும் மரபணு மாற்றத்தால் ஒருசில கிருமிகள் மருந்து உள்ளே போவதற்கு முன்பே எதிர்ப்போடு இருக்கின்றன. ஒரே களைக்கொல்லியை வருடக்கணக்கில் அடித்த வயலில் குதிரைவாலி மட்டும் செழித்து நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மற்ற களைகள் செத்து, இடம் அதற்குக் கிடைக்கிறது. அப்படி எதிர்ப்பு பெற்ற கிருமி இருமல் வழியாக நேரடியாகத் தொற்றிக்கொண்டால், வாழ்நாளில் ஒரு காசநோய் மாத்திரை கூடத் தொடாதவருக்கும் இந்த நோய் வரும்.

இனி உங்கள் அத்தான் விஷயம். நுரையீரலில் குழிவு விழுந்திருந்தால் அங்கே மட்டும் பத்துக் கோடிக்கு மேல் கிருமிகள் இருக்கலாம். ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று இன்னொரு முக்கிய மருந்தான ஐசோனியாசிடுக்கும், பத்துக் கோடியில் ஒன்று ரிஃபாம்பிசினுக்கும் இயல்பாகவே அடங்காமல் இருக்கும். இரண்டுக்கும் ஒருசேர அடங்காத கிருமி அந்தக் கூட்டத்தில் இருப்பது அநேகமாக நடக்காத காரியம். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்குக் காரணமே இந்தக் கணக்குதான். ஆனால் தொற்றிய கிருமி தொடக்கத்திலேயே ஐசோனியாசிடுக்கு அடங்காததாக இருந்தால் கணக்கு சரிந்துவிடும். முதல் இரண்டு மாதங்களில் நான்கு மருந்துகள் இருக்கும். அதன்பின் பைரசினமைடு நின்று, ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், எத்தம்பியூட்டால் மூன்றும் தொடரும். அவற்றில் ஒன்று ஏற்கெனவே செல்லாத காசு, எத்தம்பியூட்டால் வலுக்குறைந்தது. ஆக, ரிஃபாம்பிசின் ஏறக்குறையத் தனியாக நின்று போராடுகிறது. ஒரு நாள் விடாமல் சாப்பிட்டாலும் அந்தப் பத்துக் கோடியில் ஒன்று தப்பிப் பெருகிவிட முடியும்.

வழக்கமான சிபிநாட் பரிசோதனை ரிஃபாம்பிசின் எதிர்ப்பை மட்டுமே காட்டும். அதன் தாளில் எதிர்ப்பு இல்லை என்று இருந்தால், எல்லா மருந்துகளும் கேட்கும் என்று பொருளாகாது. ஐசோனியாசிடைப் பார்க்க, இரண்டாவது குப்பிச் சளியை எல்.பி.ஏ. பரிசோதனைக்குப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒரு காகிதப் பட்டையில் எந்தெந்தக் கோடு விழுகிறது, எது விழவில்லை என்பதை வைத்துப் படிப்போம். சளியில் கிருமி போதிய அளவு இல்லையென்றால் கோடுகள் மங்கிப்போய் முடிவே சொல்ல முடியாது. அப்போது வளர்ப்புப் பரிசோதனைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குப்பியில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டுப் போனவர்களை நாள்தோறும் பார்த்திருக்கிறேன். உங்கள் அத்தானிடம் முதலில் எத்தனை குப்பி வாங்கினார்கள், எல்.பி.ஏ. முடிவு வந்ததா என்று அவருடைய சிகிச்சை அட்டையில் பாருங்கள்.

மயிலாடுதுறை மீனா:
என் அம்மாவுக்கும் இதே பிரச்சினை. போன மாதம்தான் ஆறு மாத சிகிச்சையை முடித்தார்கள். இருமல் எதுவும் இல்லை. மனத்திருப்திக்காகத் தனியார் ஆய்வகத்தில் சிபிநாட் எடுத்தோம். கிருமி இருக்கிறது என்று வந்துவிட்டது. அம்மாவுக்கும் எதிர்ப்பு வந்துவிட்டதா?

சளிக்குப்பி:
அது வேறு விஷயம், அம்மா. அந்தப் பரிசோதனை கிருமியின் மரபணுவைத்தான் தேடுகிறது. செத்த கிருமியின் மரபணுவும் சளியில் மாதக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். அதனால்தான் குணம் அறிய அதை எடுப்பதில்லை. உங்கள் தாளில் எதிர்ப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லவில்லையே. அதோடு அரசு மருத்துவமனைக்குப் போய், உயிருள்ள கிருமி இருக்கிறதா என்று வளர்ப்புப் பரிசோதனை கேளுங்கள்.

பழைய ஆசிரியர்:
என் தகப்பனார் செங்கிப்பட்டி சானடோரியத்தில் படுத்திருந்த காலத்தில் ரிஃபாம்பிசின் புழக்கத்துக்கு வரவில்லை. அன்றைக்கு ஒன்றரை வருடச் சிகிச்சை சாதாரணம். வேகமாகப் பெருகும் கிருமிகளை ஐசோனியாசிட் முதல் சில நாட்களிலேயே சாய்த்துவிடும் என்றும், பெருகாமல் உறங்கிக் கிடப்பவற்றைத் துடைத்தெடுப்பதில் ரிஃபாம்பிசினுக்கு இணை இல்லை என்றும் எங்கள் மருத்துவர் சொல்வார். அந்த மருந்தை இழந்தால் காலம் மறுபடி பழையபடி நீளத்தானே செய்யும்? இப்போது ஆறு மாதத்திலேயே முடிக்கும் புதிய மருந்துகள் வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே, உங்கள் அத்தானுக்கு அது கிடைக்காதா?

வெண்ணாற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. அட்டையைப் பார்த்தேன். முதல் தடவை ஒரே குப்பிதான் வாங்கியிருக்கிறார்கள், எல்.பி.ஏ. கட்டம் காலியாக இருக்கிறது. இரண்டாம் மாதச் சளியிலும் கிருமி இருந்திருக்கிறது, எடை கூடியதால் அதை நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அனுப்பிய எல்.பி.ஏ.யில் இரண்டு மருந்துகளுக்கும் எதிர்ப்பு என்று வந்திருக்கிறது.

ஆறு மாதச் சிகிச்சையைப் பற்றி நானும் மருத்துவரிடம் கேட்டேன். பெடாகுயிலின், பிரிடோமானிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. அத்தானுக்கு நீண்டகால நீரிழிவால் பாதம் மரத்துப்போயிருக்கிறது, ரத்தமும் குறைவு. லினசோலிட் இவ்விரண்டையும் கூட்டிவிடும் என்பதால், மருத்துவக் குழு அதைத் தவிர்த்துப் பதினெட்டு மாதச் சிகிச்சையை எழுதியிருக்கிறது. இதிலும் உள்ள பெடாகுயிலினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம் என்று அவ்வப்போது ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். இதில் கொடுக்கும் க்ளோஃபாசிமின் மருந்தால் முகம் கறுத்துவிட்டது. ஆலையில் கேட்பவர்களுக்கு வெயிலில் நின்றதாகச் சொல்லிக்கொள்கிறார்.

வலங்கைமான் விவசாயி:
அப்படியானால் ஐசோனியாசிடுக்கு அடங்காத கிருமி அவருக்கு யாரிடமிருந்து வந்தது? ஆலையில் வேறு யாருக்காவது இருமல் இருக்கிறதா?

வெண்ணாற்றங்கரை:
அதுதான் தெரியவில்லை, அய்யா. பழைய சளி மிச்சம் இல்லாததால் தொடக்கத்தில் எந்தக் கிருமி இருந்தது என்பதை இனி நிரூபிக்கவும் முடியாது. அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் மார்பு எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது, குறை ஒன்றும் இல்லை. ஆலையில் இருமல் உள்ள இரண்டு பேரை ஆய்வகத்துக்கு அனுப்ப மேற்பார்வையாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆளுக்கு இரண்டு குப்பியாக வாங்கச் சொல்லியிருக்கிறேன்.