பின்னறையில் “LTE only” போட்டா நெட் ஓடுது, ஆனா கால் வரல. எதுல வைக்கணும்?

வண்ணை_தையல்:
பழைய வண்ணாரப்பேட்டை, சந்துக்குள்ள கீழ்த்தளம். மேல மூணு மாடி இருக்கு, பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. போன் 5ஜி ஆண்ட்ராய்டு, ஒரே சிம், 2ஜியும் வச்சிருக்கற கம்பெனி. ஆட்டோல விட்டா 5ஜின்னு காட்டும், ரெண்டு கோடு இருக்கும். ஆனா பணம் அனுப்பற ஆப் சுத்திக்கிட்டே நிக்கும், வாய்ஸ் நோட் போகாது. இந்த நம்பரை டயல் பண்ணி, வர்ற மெனுவுல “LTE only”ன்னு, அதாவது 4ஜி மட்டும்னு மாத்தினேன்:

```
*#*#4636#*#*
```

நெட் உடனே சரியாயிடுச்சு. ஆனா அன்னைக்கு சாயங்காலத்துல இருந்து யார் போட்டாலும் “ஸ்விட்ச் ஆஃப்”னு வருதாம். திரும்ப ஆட்டோ போட்டா கால் வருது, நெட் போயிடுது. ரெண்டும் வேணும். எதுல வைக்கட்டும்?

4ஜி_வெறியன்:
“LTE only”யே வைங்க, அதான் பெஸ்ட். போன் 5ஜி, 3ஜி, 2ஜின்னு மாறி மாறித் தேடறதாலதான் சார்ஜ் இறங்குது. கால் வரலைன்னா அது சிம் கோளாறு, புது சிம் வாங்கிடுங்க.

ராயபுரம்_டவர்:
தம்பி, பாதி சரி. தேடல் குறையும்கிறது 4ஜி ஓரளவு கிடைக்கிற இடத்துக்குத்தான் பொருந்தும். 4ஜியே அறுந்து போற மூலையில பூட்டி வச்சா, போன் வேற எங்கேயும் போக வழியில்லாம அதையே விடாம தேடும். சார்ஜ் இன்னும் வேகமா இறங்கும். சிம்மை மாத்த ஓட வேண்டாம்.

அக்கா, உங்களுக்கு ரெண்டு தனித்தனி கோளாறு ஒண்ணா வந்திருக்கு. முதல்ல கால் விஷயம்.

4ஜியில கால் பேசணும்னா போன் வோல்ட்டில பதிவாகியிருக்கணும். பதிவாகலைன்னா, ஆட்டோல இருக்கும்போது கால் வந்தா போன் சத்தமில்லாம 2ஜிக்கு இறங்கி எடுத்துக்கும். பேசி முடிச்சதும் மேல ஏறிக்கும். நீங்க “LTE only” போட்டதும் அந்த இறங்குற படிக்கட்டை எடுத்துட்டீங்க. நெட்டுக்குப் படிக்கட்டு தேவையில்லை, அதனால அது ஓடுது. கால் மட்டும் வாசல்லயே நிக்குது.

இதை உறுதி பண்ண, அதே 4636 மெனுவுல Phone information உள்ள போங்க. மேல வலது மூலையில மூணு புள்ளி இருக்கும், அதுல “IMS Service Status”. முதல் வரியில Registered-ஆ Not Registered-ஆ, “Voice over LTE” வரியில Available-ஆ Unavailable-ஆன்னு பார்த்துச் சொல்லுங்க.

இன்னொரு சோதனையும் இருக்கு. ஆட்டோல வச்சு, டிவி ஸ்பீக்கர் இல்ல பழைய ரேடியோ பக்கத்துல போனை வச்சுக்கிட்டு ஒரு கால் போடுங்க. “டிட்டிட் டிட்டிட் டிர்ர்ர்”னு இரைஞ்சா அது 2ஜி கால். 4ஜி காலுக்கு அப்படி இரையாது. மேல 4ஜிங்கிற அடையாளம் போய் E-ன்னு மாறுதான்னும் பாருங்க.

காசிமேடு_லாஞ்ச்:
எனக்கும் இதே கேள்விதான் அண்ணே. கரையில இருந்து கொஞ்ச தூரம் போனதும் 4ஜி வந்து வந்து போகுது. 2ஜியில பூட்டினா எவ்வளவு தூரம் பேசலாம்? என் சிம் ஜியோ.

ராயபுரம்_டவர்:
ஜியோவுல 2ஜி, 3ஜி கிடையவே கிடையாது, நீங்க பூட்டினா “No service”தான் வரும். 2ஜி இருக்கற வேற சிம் போட்டா, திறந்த கடல்ல உதவும். 900 மெகாஹெர்ட்ஸ்ல 2ஜி போன் 2 வாட் வரைக்கும் அனுப்பும், 4ஜி போன் சாதாரணமா 0.2 வாட்தான். ஆனா 2ஜிக்குக் கணக்குப்படி சுமார் 35 கிலோமீட்டர் எல்லை இருக்கு. அதுக்கு மேல சிக்னல் தெரிஞ்சாலும் கால் ஏறாது. கரை டவரோட உயரமும் சாய்வும் பொறுத்து அதுக்கு ரொம்ப முன்னாடியே அறுந்துடலாம். ஆபத்துக்கு இதை நம்பாதீங்க, விஎச்எஃப் சேனல் 16 தான். மேற்கொண்டு தனி இழை போடுங்க, இங்க அக்கா வீட்டைப் பார்ப்போம்.

பெரம்பூர்_ரிட்டயர்டு:
அம்மா, ஒரு யோசனை. என் போன்ல சிக்னல் பலம் 2ஜியில வச்சா -85 காட்டுது, 4ஜியில -110 காட்டுது. 25 வித்தியாசம்! அப்ப 2ஜிதானே பலம்? கால் முக்கியம்னா 2ஜியில பூட்டிட்டு நெட்டுக்கு வைஃபை வச்சுக்கலாமே.

ராயபுரம்_டவர்:
சார், அந்த ரெண்டு எண்ணும் ஒரே தராசு இல்ல. 2ஜியில மொத்த சேனலோட பலத்தைக் காட்டறாங்க. 4ஜியில அலைவரிசையை நூல் நூலாப் பிரிச்சு, ஒரு நூலோட பலத்தைக் காட்டறாங்க. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல 1200 நூல் இருக்கு. அதையெல்லாம் சேர்த்துப் பார்த்தா சுமார் 30 கூடும். அதனால 4ஜி -110ங்கறது 2ஜி -85ஐ விட மோசம்னு சொல்ல முடியாது.

4ஜிய 4ஜியோட மட்டும் ஒப்பிடுங்க. -100க்கு மேல இருந்தா கவலையில்ல. -110 தாண்டினா சுவர் சுவரா வித்தியாசம் தெரியும். -120 பக்கம் போனா பேச்சு வெட்டி வெட்டி வரும். Settings-ல About phone, அதுல SIM status-ல இந்த எண் தெரியும். கோடுகளைப் பார்க்காதீங்க, ஒரே எண்ணுக்கு ஒவ்வொரு போனும் ஒவ்வொரு விதமாக் கோடு போடும்.

2ஜியில பூட்டி வைஃபை வச்சுக்கறது தப்பு இல்ல சார். ஆனா வைஃபை இருக்கற வீட்டுக்கு வைஃபை காலிங் அதை விட நல்லது, பூட்டவே வேண்டாம்.

வண்ணை_தையல்:
வைஃபை இல்லைங்க, போன் நெட்தான். நீங்க சொன்னபடி பார்த்தேன். IMS “Not Registered”, Voice over LTE “Unavailable”. ஸ்பீக்கர் நல்லாவே இரைஞ்சுது, E-ன்னும் மாறுச்சு. 4ஜி எண் வாசல்ல -96, கூடத்துல -105, பின்னறையில -113.

ராயபுரம்_டவர்:
அப்ப கண்டுபிடிச்சாச்சு. Settings-ல சிம் பக்கத்துக்குப் போங்க. “VoLTE” இல்ல “4G Calling”னு ஒரு சுவிட்ச் இருக்கும், அணைஞ்சிருக்கும். அதைப் போட்டுட்டு, போனை அணைச்சு ஏத்துங்க. வாசல்ல, சிக்னல் நல்லா இருக்கற இடத்துல, ரெண்டு நிமிஷம் விட்டுட்டு IMS-ஐத் திரும்பப் பாருங்க. சுவிட்ச் ஏற்கனவே போட்டிருந்தும் பதிவாகலைன்னா, கம்பெனிக்காரங்ககிட்ட உங்க சிம்முக்கும் போன் மாடலுக்கும் வோல்ட்டி திறந்திருக்கான்னு கேக்கணும். அதை வீட்டுல உட்கார்ந்து சரிபண்ண முடியாது.

ரெண்டாவது நெட் விஷயம். உங்க கம்பெனி 5ஜி 4ஜியோட தோள்ல ஏறி வர்ற வகையா இருந்தா, மேல 5ஜின்னு காட்டறதே ஏமாத்தும். 4ஜி டவர் “என்கிட்ட 5ஜியும் உண்டு”ன்னு சொன்னாலே சில போன் 5ஜின்னு எழுதிடும். நிஜமா சேர்ந்தாலும் இங்க 5ஜி பெரும்பாலும் 3500 மெகாஹெர்ட்ஸ்லதான் ஓடுது, மூணு சுவர் தாண்ட அது திணறும். டவர் பெரிசு, அதோட குரல் பின்னறைக்கு வந்துடும். உங்க போனோட குரல்தான் திரும்பப் போகாது. வீடியோ ஓடும், வாய்ஸ் நோட் நிக்கும். உங்க அறிகுறி அதுவேதான்.

சந்தேகம் தீர, பின்னறையில ஒரே இடத்துல போனை வச்சு, 5ஜியோட மூணு தடவை, 5ஜி இல்லாம மூணு தடவை அப்லோட் வேகத்தை மட்டும் பாருங்க. டவுன்லோடைப் பார்க்காதீங்க.

வண்ணை_தையல்:
சுவிட்ச் அணைஞ்சுதான் இருந்துச்சு. இப்ப Registered, Available. அப்லோட், 5ஜியோட: 0.2, 0, 0.4. 5ஜி இல்லாம: 1.8, 2.1, 1.6. அப்ப “LTE only”யே விட்டுடலாமா? இப்ப கால் வருதே.

ராயபுரம்_டவர்:
வேண்டாம். 4636-ல “LTE/GSM/WCDMA”ன்னு இருக்கறதை வைங்க, இல்லைன்னா Settings-லயே 5ஜி இல்லாத ஆட்டோ. சாம்சங்ல 4636 பெரும்பாலும் திறக்காது, அங்க Network mode-ல “LTE/3G/2G (auto connect)”.

காரணம், பின்னறையில இன்னைக்கு -113. டவர் பராமரிப்புக்கு நின்ன நாள்ல -120 ஆகலாம். பேசிக்கிட்டே அந்த மூலைக்குப் போனா, கம்பெனி அந்த வசதியைப் போட்டிருந்தா கால் 2ஜிக்குக் கைமாறும். “LTE only”ல கைமாற இடமில்லை, அறுந்துடும். வோல்ட்டி பதிவு எப்பவாவது கழன்டாலும் பழையபடி ஸ்விட்ச் ஆஃப் கதைதான், அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. கடைக்குப் போன் பண்றவங்கதான் திட்டுவாங்க.

இன்னொண்ணு, 4636-ல வைக்கறது பல போன்ல அணைச்சு ஏத்தினதும் பழையபடி மாறிடும். Settings-ல வைக்கறது நிக்கும்.

4ஜி_வெறியன்:
சரிண்ணே, அப்ப 5ஜியை எல்லாரும் அணைச்சுடறதுதான் நல்லதா?

ராயபுரம்_டவர்:
அதுவும் இல்ல. எம்.சி. ரோட்ல தீபாவளிக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை நின்னு பாரு. 4ஜி -85 காட்டும், ஒரு படம் போகாது. அங்க சிக்னல் குறைச்சல் இல்ல, கூட்டம். 4ஜி ரோடு முழுக்க ஆட்டோ நிக்குது, 5ஜி ரோடு காலியா இருக்க வாய்ப்பு அதிகம். திறந்த வெளிங்கறதால சுவர் தொல்லையும் இல்ல. அங்க 5ஜியை அணைச்சா உனக்குத்தான் நஷ்டம். எண் நல்லா இருந்தும் நெட் நிக்குதுன்னா கூட்டம், எண்ணே கெட்டிருந்தா சுவர்.

பெரம்பூர்_ரிட்டயர்டு:
“NR only”ன்னு ஒண்ணு இருக்கே, அது எதுக்கு?

ராயபுரம்_டவர்:
அது 5ஜி மட்டும்னு பூட்டறது, தொடவே வேண்டாம் சார். 4ஜி தோள்ல வர்ற 5ஜியில அதைப் போட்டா சேவையே போயிடும். தனியா நிக்கற 5ஜியில நெட் வரலாம். ஆனா கம்பெனி காலுக்கு மட்டும் 4ஜிக்கு இறக்கி விடற மாதிரி வச்சிருந்தா, கால் வேலை செய்யாது.

வண்ணை_தையல்:
நீங்க சொன்னபடி Settings-ல வச்சுட்டேன், பின்னறையில இருந்தே பேசினேன், ஸ்பீக்கர் இரையல. ஒண்ணு மட்டும் இன்னும் இருக்கு: பேங்க் ஓடிபி சில சமயம் நாலஞ்சு நிமிஷம் கழிச்சு மொத்தமா மூணு வருது. வாசல்ல நின்னா உடனே வருது.

காசிமேடு_லாஞ்ச்:
எனக்கும் அப்படித்தான் வருது, கரையிலயே.

ராயபுரம்_டவர்:
ரெண்டு பேருக்கும் ஒரே காரணமான்னு தெரியலை. அடுத்த தடவை லேட்டாகும்போது ஃப்ளைட் மோட் போட்டு எடுங்க. உடனே கொட்டுச்சுன்னா போன் பக்கம், கொட்டலைன்னா பேங்க் இல்ல கம்பெனி பக்கமா இருக்கலாம். அந்த நேரத்துல IMS வரியையும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுங்க, பார்ப்போம்.