1 நிமிச டெமோ ரீல்: 104 செக்கன் 48 ஆன கதை, உங்கட அனுபவத்தையும் போடுங்கோ

குளக்கட்டு (கிளிநொச்சி)

அனிமேசன் வேலைக்கு ரீல் அனுப்பின ஆக்கள் இஞ்ச கொஞ்சப்பேர் இருக்கிறியள் எண்டு தெரியும், அதான் எழுதிறன். போன மாசம் ஒரு ஸ்டூடியோவுக்கு கேரக்டர் அனிமேட்டர் வேலைக்கு அனுப்பினனான், ரீல் 1 நிமிசத்துக்குள்ள இருக்கோணும், ரேஞ்ச் தெரியோணும் எண்டு தெளிவா போட்டிருந்தவை. என்னட்ட இருந்தது 1:44. நான் என்ன செய்தன் எண்டா எல்லா ஷாட்டையும் ஸ்பீடாக்கி 1:00க்கு கொண்டு வந்தன். சிரிக்காதேங்கோ. வேகத்தை கூட்டினோடன பாரமே போயிட்டுது, ஆக்கள் எல்லாம் பலூன் மாதிரி துள்ளினம். பதில் வரேல்ல.

பேந்து ஆறுதலா இருந்து 1:44 அப்பிடியே ஓடவிட்டு ஒரு கொப்பியில எழுதினன். பேர் வாறதுக்கு 7 செக்கன், மூண்டு வோக் சைக்கிள் 18, மதிலால பாயிற ஷாட் 9, அதே பாய்ச்சல் ஸ்லோ மோசனில திருப்பி 8, கிணத்தில தண்ணி அள்ளுறது 14, டயலாக் ஷாட் 22, மாடு எழும்புறது 12, கடைசியில சொஃப்ட்வேர் லோகோவும் நன்றியும் 14. மொத்தம் 104. ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில "இது புதுசா என்னத்தை காட்டுது" எண்டு ஒரு வரி எழுதப் பாத்தன், எட்டில மூண்டுக்கு எழுத ஒண்டுமே இல்ல. மூண்டு வோக்கும் மூண்டு ரிக், ஆனா நடை ஒண்டுதான், சட்டையை மாத்தின மாதிரி.

இப்ப இருக்கிறது: பேர் 2, கிணறு 9, டயலாக் 15, பாய்ச்சல் 5, ஒரே ஒரு நடை 4, மாடு 10, கடைசியில பேரும் ஈமெயிலும் 3. எல்லாம் 48. வேகத்தில கை வைக்கேல்ல, வெட்டினது மட்டும்தான். கிணத்து ஷாட்டில ஆள் நடந்து வந்து கிணத்தடிக்கு சேரவே 5 செக்கன், 120 பிரேம். அதை வெட்டினோடன கை கயித்தில இருக்கேக்கயே ஷாட் தொடங்குது.

இந்த ஷாட்டுக்கு அம்மா தண்ணி அள்ளுறதை போனில வீடியோ எடுத்தனான். கனக்க நாளா நான் நினைச்சது வாளி நிறைஞ்சோடன பாரம் வரும் எண்டு, ஆனா வீடியோவில அப்பிடி இல்ல. வாளி தண்ணிக்குள்ள இருக்கும்வரைக்கும் அம்மா சும்மா ஒரு கையால இழுக்கிறா, வாளி தண்ணியை விட்டு வெளிய வாற அந்த இடத்திலதான் கயிறு விறைக்குது, இடுப்பு கீழ இறங்கி பின்னால போகுது, அதுக்கு ஒரு ஆறு பிரேம் பிந்தித்தான் தோள் வருது. கப்பியும் அப்பதான் கீச்செண்டுது. அதை அப்பிடியே வைச்சன். அந்த ஷாட்டை இப்ப முதல்ல போட்டிருக்கிறன்.

கேள்வி என்னெண்டா 1 நிமிசம் கேட்டவைக்கு 48 அனுப்பலாமோ? ரீல் லிங்கும் போட்டிருக்கிறன், பாத்துச் சொல்லுங்கோ.

ரெண்டர் தம்பி

அண்ணை 1 நிமிசம் எண்டா 1 நிமிசம்தான், 48 அனுப்பினா இவனிட்ட வேலை இல்ல எண்டு நினைப்பினம். மிச்சம் 12 செக்கனுக்கு நீங்கள் செய்த மொடலிங் ஏதும் சுத்திக்காட்டுங்கோ, கொஞ்சம் புகை, நெருப்பு சிமுலேசன் போடுங்கோ. ரேஞ்ச் எண்டா எல்லாம் தெரியும் எண்டு காட்டுறதுதானே. ஆனா முதல் ஷாட் நல்லதா இருக்கோணும் எண்டு நீங்கள் செய்தது சரி, அதை நானும் ஒரு கிளாஸில கேட்டனான்.

வவுனியா எடிட்டர்

தம்பி, ரீல் எண்டா முதல் 3 செக்கனில ஆளை பிடிக்கோணும், இப்ப ஓடுற பாட்டு ஒண்டை போட்டு பீட்டுக்கு பீட் கட் பண்ணுங்கோ. என்ர கலியாண வீட்டு ரீல் ஒண்டு அப்பிடித்தான் பிச்சுக்கொண்டு போனது. நிமித்தி எடுத்தனீங்களோ படுக்க வைச்சோ?

குளக்கட்டு

அண்ணை இது அந்த ரீல் இல்ல, வேலைக்கு அனுப்பிற ரீல். படுக்க வைச்சுத்தான்.

கீஃப்ரேம் அக்கா

ஊர் மாங்குளம், இப்ப வெளியில ஒரு ஸ்டூடியோவில இருக்கிறன், வாற ரீல்களை பாக்கிற வேலையும் என்ர தலையிலதான், அதால கொஞ்சம் சொல்லிறன்.

48 தாராளமா அனுப்பலாம். 1 நிமிசம் எண்டது அதுக்கு மேல வேண்டாம் எண்டு போட்ட எல்லை, நிரப்பச் சொன்ன அளவு இல்ல. ஒரு நாளில முப்பது ரீல் பாக்கிற ஆளுக்கு 48ல முடிஞ்சா சந்தோசம்தான்.

தம்பி சொன்ன புகை நெருப்பு விசயம் ஜெனரலிஸ்ட் வேலைக்கு சரி, சின்ன ஸ்டூடியோக்கள் அப்பிடி ஒரே ஆளைத்தான் தேடும். ஆனா கேரக்டர் அனிமேட்டர் எண்டு கேட்ட இடத்துக்கு நெருப்பை காட்டினா நான் என்னத்தை வைச்சு மார்க் போடுறது? அங்க ரேஞ்ச் எண்டா வேற. பாரத்தை தூக்கிற உடம்பு ஒண்டு, பாரமே இல்லாம பாயிற உடம்பு ஒண்டு, மனசில ஒண்டை வைச்சு வாயில வேறொண்டை கதைக்கிற முகம் ஒண்டு, நாலு காலில நிக்கிறது ஒண்டு. உங்கட 48க்குள்ள இந்த நாலும் கிடக்கு. ரிக் எத்தினை எண்டு ஒருத்தரும் எண்ணமாட்டினம்.

நாங்கள் பாக்கிற விதத்தையும் சொல்லிறன். முதல்தரம் சத்தம் இல்லாம ஓடவிடுவன். பிடிச்சுதெண்டா நிப்பாட்டி நிப்பாட்டி ஒவ்வொரு பிரேமா தள்ளுவன், கால் நிலத்தில வழுக்குதோ, காலை நீட்டேக்க முழங்கால் டக்கெண்டு வெட்டுதோ, ரெண்டு கையும் ஒரே பிரேமில போய் நிக்குதோ எண்டு. கிணத்து ஷாட்டில அந்த ஆறு பிரேம் பிந்திறது எனக்கு உடன தெரியும். அதே மாதிரி கடைசி ஷாட்டில கால் வழுக்கினாலும் தெரியும், அப்ப வாற சந்தேகம் உங்களுக்கு அது தெரியேல்லையோ, தெரிஞ்சும் விட்டனீங்களோ எண்டு. ரெண்டுமே கூடாது. ஒரு நல்ல ஷாட்டுக்கு பக்கத்தில ஒரு சுமார் ஷாட் இருந்தா நல்லதின்ர மார்க்கும் இறங்கும், அதுதான் உண்மை.

ஸ்லோ மோசனை தூக்கினது நல்லது. அது ஸ்பேசிங்கில இருக்கிற பிழை எல்லாத்தையும் நீங்களே பிடிச்சுக் காட்டிக் குடுத்த மாதிரி.

டயலாக் 22ஐ எப்பிடி 15 ஆக்கினனீங்கள்? நடுவில வெட்டினா நடிப்பு உடையும்.

குளக்கட்டு

நடுவில தொடேல்ல அக்கா. கதைக்கத் தொடங்க முந்தி சும்மா மூச்சுவிட்டுக்கொண்டு நிண்டது 3 செக்கன், முடிஞ்சாப்பிறகு கமராவை பாத்துக்கொண்டு நிண்டது 4. அந்த 4ல கண் சிமிட்டுறது ஒண்டுதான் நடந்தது. கடைசிச் சொல்லுக்குப் பிறகு ஒரு 10 பிரேம் மட்டும் விட்டன், ஆள் கண்ணை கீழ போடுறது தெரியட்டும் எண்டு.

ரீலில இருந்த பாட்டையும் தூக்கிட்டன், ஆனா இப்ப டயலாக்கில மட்டும் திடீரெண்டு சத்தம் வருது, அது ஒரு மாதிரிக் கிடக்கு.

கீஃப்ரேம் அக்கா

கப்பிச் சத்தம், கால் விழுற சத்தம் மெல்லிசா போடுங்கோ, காணும்.

ரெண்டர் தம்பி

எனக்கெண்டா மெல்லிசா ஒரு மியூசிக் இருக்கோணும், இல்லாட்டி செத்த வீடு மாதிரி.

கீஃப்ரேம் அக்கா

அது உங்கட விருப்பம் தம்பி, எங்கட இடத்திலயே ரெண்டு பேர் இதுக்கு சண்டை பிடிக்கிறவை. டயலாக் வரேக்க மியூசிக்கை முழுசா இறக்குங்கோ, அது மட்டும்.

குளக்கட்டு

இன்னொரு மொக்கை விசயமும் சொல்லவேணும். முதல் அனுப்பினது கூகிள் ட்ரைவ் லிங்க், பெர்மிசன் பூட்டியே கிடந்தது. அவை திறக்கப் பாத்து எனக்கு ரிக்வெஸ்ட் மெயில் வந்திருக்கு, ரெண்டு நாள் கழிச்சுத்தான் கண்டன், டேட்டா முடிஞ்சு கிடந்தது. பதில் வராததுக்கு பலூன் ஆக்கள் காரணமோ லிங்க் காரணமோ எண்டு இண்டைக்கும் தெரியாது. இப்ப அனுப்ப முந்தி பிரவுசரில பிரைவேட் விண்டோ திறந்து லொகின் இல்லாம லிங்க் வேலை செய்யுதோ எண்டு பாக்கிறனான். ஃபைலும் 900 எம்பி, டொங்கிளில ஏத்த விடிஞ்சுது. பேந்து இப்பிடி சுருக்கினன்:

```
ffmpeg -i reel.mov -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p -movflags +faststart reel.mp4
```

yuv420p போடாட்டி சில கொம்பியூட்டரில, போனில ஓடாது, படம் வராம சத்தம் மட்டும் வரும். பேந்து முழுசா ஒருக்கா போனிலயும் ஓடவிட்டுப் பாத்தன்.

நெடுங்கேணி நடராசா இல்லை

நான் ரிக்கை டவுன்லோட் பண்ணித்தான் செய்தனான், எல்லாரும் பாவிக்கிற அதே ஃப்ரீ ரிக், மொட்டையன். அதால மார்க் குறையுமோ? ஆரும் மறுமொழி சொல்லுங்கோ, நான் ஒரு வருசமா ரீலே தொடங்கேல்ல.

கீஃப்ரேம் அக்கா

குறையாது. ரிக் உங்கடது இல்லையெண்டு வீடியோவுக்கு கீழ ஒரு வரி எழுதுங்கோ. குழுவா செய்த ஷாட் எண்டாலும் எந்தப் பாகம் உங்கடது எண்டு எழுதவேணும், கேட்டு நாக்கடிச்ச ஆக்களை கண்டிருக்கிறன்.

குளக்கட்டு, அந்த 4 செக்கன் நடையை நானெண்டா வெட்டுவன். கேம் கொம்பனிக்கு எண்டா இருக்கட்டும், அங்க லூப் ஓட்டித்தான் பாப்பினம், கடைசிப் பிரேமும் முதல் பிரேமும் பொருந்தேக்க குலுங்குதோ எண்டு.

பட்டிக்காரன் (ஒட்டுசுட்டான்)

எனக்கு உங்கட அனிமேசன் ஒண்டும் விளங்காது, மருமேன் லிங்க் காட்டினவன், அதால மாட்டை மட்டும் பாத்தன். தம்பி உது மாடில்ல. மாடு முன்னங்காலை ஊண்டி எழும்பாது, குதிரைதான் அப்பிடி எழும்பும். மாடு முதல் முன் முழங்காலில நிக்கும், தலையை முன்னுக்கு எறியும், அந்த எறியில பின்பக்கம் மேல போகும், பேந்துதான் முன்னங்கால் ஒண்டு ஒண்டா நிமிரும். குண்டி முதல், தலை கடைசி. சின்னப் பிள்ளையும் சொல்லும்.

குளக்கட்டு

ஐயோ. நான் நெட்டில குதிரை வீடியோ ஒண்டை பாத்துச் செய்தனான், மாட்டு ரெஃபரன்ஸ் கிடைக்கேல்ல எண்டு. பட்டி பக்கத்தில இருந்தும்.

கீஃப்ரேம் அக்கா

நானும் விட்டிட்டன், இப்ப திருப்பிப் பாத்தன், ஐயா சொல்லுறது சரி. தலையை எறியிறதாலதான் பின்னங்காலில இருக்கிற பாரம் முன்னுக்கு மாறும், அது இல்லாம எழும்பினதாலதான் எனக்கும் ஏதோ மிதக்கிற மாதிரிக் கிடந்தது, ஏன் எண்டு பிடிபடேல்ல. மாட்டை எடுத்திட்டு 38 செக்கனை அனுப்புங்கோ.

ரெண்டர் தம்பி

மாடு போனா நாலு கால் ஒண்டுமே இல்லையே அக்கா, ரேஞ்ச் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்.

கீஃப்ரேம் அக்கா

ஓம், அது நியாயம்தான். ஆனா பிழையான மாடு இல்லாத மாட்டை விட மோசம். விண்ணப்பம் எப்ப முடியுது?

குளக்கட்டு

வெள்ளிக்கிழமை. எழும்புற துண்டை மட்டும் திருப்பிச் செய்தா ஒரு 90 பிரேம், கரண்ட் போகாட்டி எனக்கு நாலு நாள் காணும் எண்டு நினைக்கிறன், தெரியேல்ல. 38ஐ ரெடியா வைச்சுக்கொண்டு செய்து பாக்கிறன்.

பட்டிக்காரன் (ஒட்டுசுட்டான்)

நாளைக்கு விடிய அவிட்டு விட முந்தி பக்கவாட்டில நிண்டு மருமேனை எடுத்து அனுப்பச் சொல்லிறன். ஒரு மாடு காணுமோ, கிழட்டு மாடும் வேணுமோ? அது எழும்புறது வேற விதம்.